இரட்டைச் சுழிக்கு எந்த வெட்டு?

அன்புள்ள அண்ணா,

என் மகனுக்கு 14 வயது. உச்சியில் இரட்டைச் சுழி. எவ்வளவு எண்ணெய் வைத்துப் படிய வாரினாலும் ஒரு கொத்து முடி கொண்டை போல எழுந்து நிற்கிறது. வெட்டும்போதெல்லாம் அந்த இடத்தை இன்னும் குறைக்கச் சொல்கிறேன், இரண்டு வாரத்தில் முன்பைவிட மோசமாகிறது. பள்ளியில் கேலி வேறு. எந்த வெட்டு சரிவரும்?
எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று: அந்த இடத்தைக் குறைக்கச் சொல்வதை நிறுத்துங்கள். வினையே அங்கேதான். இருபது வருடமாகக் கத்தரி பிடிக்கிறேன். தொழில் பழகிய நாளில் நானும் எழுந்து நிற்கும் முடியைப் பார்த்ததும் அதையே நறுக்கினேன்.

முடி தோலிலிருந்து நேராக முளைப்பதில்லை, சாய்ந்து முளைக்கிறது. அந்தச் சாய்வு கருவிலேயே முடிவாகிவிடும். வாரியோ எண்ணெய் தடவியோ அதை மாற்ற முடியாது. ஒற்றைச் சுழி என்றால் முடி ஒரு மையத்தைச் சுற்றி விலகிப் போகும். இரண்டு சுழி இருந்தால் நடுவில் இரு பக்கத்து முடியும் ஒன்றையொன்று முட்டும். சாய இடமில்லாமல் மேலே எழும். உங்கள் மகனின் கொண்டை அதுதான்.

அதைப் படிய வைப்பது முடியின் எடை மட்டுமே. ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்தால் தன் பாரத்திலேயே மடங்கி விழும். ஒரு சென்டிமீட்டர் அளவில் இருந்தால் தலை முழுக்கவே குத்திட்டு நிற்பதால் அந்தக் கொத்து தனியாகத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில், இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரைதான் தொல்லை: நிற்கும் அளவுக்கு நீளம் உண்டு, விழும் அளவுக்கு எடை இல்லை. நம் கடைகளில் ‘மீடியம்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இந்த நீளம்தான்.

பள்ளிப் பையனுக்கு நீளமாக விடும் வழி கிடையாது. அதனால் உச்சியில் மெஷினில் 3-ஆம் நம்பர், அதாவது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். பக்கவாட்டிலும் பிடரியிலும் 2-ஆம் நம்பர், 6 மில்லிமீட்டர். நெற்றிப் பக்கம் மூன்று, நான்கு சென்டிமீட்டர் விடலாம், அங்கே சுழி இல்லையென்றால். இருந்தால் அங்கும் உச்சியோடு சேர்த்துக் குறைத்துவிடுங்கள். உச்சியில் 2-ஆம் நம்பர் வேண்டாம். இரண்டு சுழியின் மையமும் வெள்ளையாகத் தெரியும், வழுக்கை என்று அடுத்த கேலி கிளம்பும்.

வெட்டுபவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். மெஷின் முடியின் போக்குக்கு எதிராகப் போனால்தான் சரியாக வெட்டும். சுழியைச் சுற்றி அந்தப் போக்கு ஒவ்வொரு விரலகலத்துக்கும் மாறுகிறது. நெற்றியிலிருந்து பின்னால் ஒரே இழுப்பாக இழுத்தால் படுத்திருக்கும் முடி சீப்புக்கு அடியில் தப்பிவிடும். நாற்காலியில் எல்லாம் சமமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துக் காய்ந்ததும் நாலைந்து முடி மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் ஒரே திசையில் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். உச்சியில் நாலா பக்கமிருந்தும் ஓட்டச் சொல்லுங்கள். முடி காய்ந்திருக்கும்போதே ஓட்டட்டும், ஈரத்தில் படிந்து ஏமாற்றும். அடர்த்தியைக் குறைக்கும் பல் கத்தரியை உச்சியில் வைக்கவே விடாதீர்கள். அது உண்டாக்கும் குட்டை முடிகள் அடியில் நின்று நீள முடியைத் தூக்கிவிடும்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். பத்து மில்லிமீட்டரில் வெட்டியது ஒரு மாதத்தில் இருபதைத் தாண்டி மறுபடி தொல்லை நீளத்துக்கு வந்து நிற்கும். ஆகவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை உச்சியை மட்டுமாவது தொட்டுக்கொள்ள வேண்டும்.

நீண்ட விடுமுறையில் வளர்க்க ஆசைப்பட்டால் விடுங்கள். ஏழு சென்டிமீட்டரைத் தொட ஐந்து மாதமாவது ஆகும். அதற்குள் பள்ளி திறந்துவிடும் என்பதை அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கல்லூரிக்குப் போனபின் முழுதாக வளர்த்துக்கொள்ளலாம். அப்போது வகிடை அவனாக முடிவு செய்யக் கூடாது. தலையை நனைத்து, முடி முழுவதையும் பின்னோக்கி வாரிவிட்டு, உள்ளங்கையால் உச்சியிலிருந்து மெல்ல முன்னால் தள்ளிப் பார்க்கட்டும். முடி தானே பிரியும் கோடுதான் அவன் வகிடு. காயவைப்பதும் வேர் ஈரமாக இருக்கும்போதே நடக்க வேண்டும். ட்ரையரின் மிதமான சூட்டில் கொண்டையை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை என்று விரலால் மாற்றி மாற்றித் தேய்த்துக் காயவைத்தால் முட்டல் தளர்ந்து படியும். காய்ந்த முடியில் இதைச் செய்து பயனில்லை. வியர்த்தாலோ மழையில் நனைந்தாலோ பழையபடி எழும், மறுபடி நனைத்துத்தான் ஆக வேண்டும்.

இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்று யாராவது அவனைச் சீண்டியிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லை, அவனிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை வெட்டியபின் இரண்டு நாள் கழித்து, தலைக்குக் குளித்துக் காயவைத்த பிறகு, மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எங்கே தப்பியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்