கடையின் பின்பக்கம் வைஃபை எட்டவில்லையா? கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடி, ஹார்ட்வெயார் கடை: அண்ணன், கடை 80 அடி நீளம். ரவுட்டர் முன் கவுண்டரில. பின்னால ஸ்டோருக்குள்ள சிக்னலே இல்ல. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கு. அதால ஏதும் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். உங்கள் கடையில் தூரத்தை விடத் தகரமும் இரும்பு ராக்கைகளும்தான் சிக்னலை மறிக்கின்றன. முன்னால் எவ்வளவு விலையான ரவுட்டர் வைத்தாலும் அந்த இரும்பைத் தாண்டாது. ஸ்டோர் வரை ஒரு வயர் இழுத்து, அங்கே பழைய ரவுட்டரை வையுங்கள்.

முதலில் பழையதை லேப்டொப்புடன் மட்டும் வயரால் இணையுங்கள். முன்னால் இருப்பது 192.168.1.1 என்றால், பழையதன் LAN முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். வைஃபை பெயர், பாதுகாப்பு வகை, கடவுச்சொல் மூன்றும் முன்னால் உள்ளது போலவே இருக்கட்டும். 2.4 GHz சனலில் முன்னால் 1 என்றால் பின்னால் 6 அல்லது 11. எல்லாம் முடிந்தபின் கடைசியாக, முகவரிகளைப் பங்கிடும் DHCP-ஐ நிறுத்துங்கள். அதை முதலே நிறுத்தினால் லேப்டொப்புக்கு முகவரி கிடைக்காமல் பாதியில் நிற்பீர்கள். முன் ரவுட்டர் .2 என்ற எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதபடி, அதன் DHCP வரிசையை 100-இலிருந்து தொடங்கி விடுங்கள்.

அப்புறம், முன் ரவுட்டரின் LAN துளையிலிருந்து வரும் வயரைப் பழையதன் LAN துளையிலேயே செருகுங்கள். WAN வெறுமையாக இருக்கட்டும். அதில் செருகினாலும் இன்டர்நெட் வரும், அதனால் எல்லாம் சரி என்று நினைப்போம். ஆனால் ஸ்டோரில் நிற்கிற போன் தனி வலையமைப்புக்குள் போய்விடும், கவுண்டர் பிரின்டரை அது காணாது. மெனுவில் Access Point என்றொரு மோட் இருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடும்.

சரிபார்ப்பது சுலபம். ஸ்டோரில் நின்று போனின் வைஃபை விபரத்தைப் பாருங்கள். Gateway 192.168.1.1 என்று இருக்க வேண்டும். 192.168.1.2 என்று காட்டினால் பழையதில் DHCP இன்னும் ஓடுகிறது.

வயர் Cat5e போதும், 100 மீற்றர் வரை தாங்கும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் வளைக்கும் இடத்தில் முறியும். இரண்டு பக்கமும் கிகாபிட் துளையாக இருந்தும் 100 Mbps என்று மட்டும் காட்டினால், பெரும்பாலும் உள்ளே ஒரு கம்பி சரியாகப் பிடிக்கவில்லை. கிரிம்ப் செய்த தலையை வெட்டிவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

கல்முனை, புடவைக் கடை: இவ்வளவு வயர் வேலை ஏன் தம்பி? நான் ரிப்பீட்டர் ஒன்று செருகினேன், கார்ட் மெஷின் நல்லா ஓடுது.

கார்ட் மெஷினுக்கு அது போதும் நானா, அதற்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் ரிப்பீட்டர் முதலில் முன் ரவுட்டரின் சிக்னலைப் பிடிக்க வேண்டும். சிக்னலே இல்லாத ஸ்டோருக்குள் வைத்தால் அதற்கும் ஒன்றும் கிடைக்காது. நடுவில் வைத்தாலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பின்னால் கமராவோ கணினியோ வரப்போகிறதென்றால் வயர்தான்.

அக்கரைப்பற்று, டியூட்டரி: எங்களுக்கு இரவு எட்டு மணிக்குத்தான் ஸ்லோ. ரவுட்டருக்குப் பக்கத்தில இருந்தாலும் அப்படித்தான். நாங்களும் இப்படி ஒன்று போடுவமா?

இப்போதைக்குப் போடாதீர்கள், உங்களுடையது வேறு நோய். எட்டு மணிக்கு லேப்டொப்பை வயரால் ரவுட்டரில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். அப்போதும் மெதுவென்றால் பிரச்சினை உள்ளே வரும் இணைப்பில் இருக்கிறது. வயரில் நன்றாக ஓடி வைஃபையில் மட்டும் மெதுவென்றால் சனலை மாற்றிப் பாருங்கள்.

வாழைச்சேனை, அலுவலகம்: ஸ்டோர் முற்றத்துக்கு அந்தப் பக்கம், வேறு கட்டடம். 25 மீற்றர்தான். வயரை வெளியால கட்டி இழுக்கலாமா?

தூரம் பிரச்சினையில்லை, மின்னல்தான் பயம். நம் பக்கம் ஐப்பசி இடிமழையில் அருகே எங்காவது மின்னல் விழுந்தாலே, வெளியால் போகும் செம்பு வயரில் மின்னழுத்தம் பாய்ந்து இரண்டு முனையிலும் உள்ள துளைகள் கருகலாம். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வெவ்வேறென்றால் ஆபத்து இன்னும் கூட. அந்த 25 மீற்றருக்கு உலோகமில்லாத ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஃபைபரைச் செம்பு வயருக்கு மாற்றும் மீடியா கொன்வேட்டர் வையுங்கள். செலவு கூடும்தான், ஆனால் இந்த இடத்தில் நான் செம்பு போடச் சொல்லமாட்டேன்.

மட்டக்களப்பு, ஃபார்மசி: நீங்க சொன்ன மாதிரியே போட்டன் அண்ணா. ஆனா முன்னுக்கு இருந்து பின்னால போனா, போன் பழைய சிக்னலையே பிடிச்சுக்கொண்டு நிக்குது. வைஃபைய ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாத்தான் மாறுது.

எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான் தங்கச்சி, ரவுட்டர் இல்லை. முன் ரவுட்டரில் Transmit Power இருந்தால் ஒரு படி குறையுங்கள். அப்போது பின்னால் போகையில் அந்தச் சிக்னல் வேகமாகத் தேயும், போன் மற்றதைத் தேடும். எல்லாப் போனும் இதற்கு இணங்கும் என்று சொல்ல முடியாது. குறைத்த பிறகும் மாறாவிட்டால், போன் ஒட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து இரண்டு ரவுட்டரின் dBm எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். முன்னால் உள்ளது −80 என்று தேய்ந்தும், பின்னால் உள்ளது −55 என்று பலமாக இருந்தும் மாறவில்லையென்றால் அது போனின் பிடிவாதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றென்றால் பின் ரவுட்டரை இன்னும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.