மாடித் தோட்டத்தை மாத ஒப்பந்தத்துக்கு விடும்போது: கேள்வி பதில்

வேளச்சேரியில் எங்கள் மாடியில் 35 பைகள். வாரம் ஒருமுறை வந்து பார்க்க மாதம் 2,500 ரூபாய் கேட்கிறார் ஒருவர். அதிகமா அக்கா?

தொகையை அப்புறம் பேசலாம். மீதி 6 நாள் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முதலில் கேளுங்கள். நான் பார்த்த வரையில் ஒப்பந்தங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர் செய்வார் என்று நீங்களும், நீங்கள் செய்வீர்கள் என்று அவரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 35 பைகளிலும் களை எடுத்து, மேல்மண்ணைக் கிளறி, இலைகளைத் திருப்பிப் பார்த்து, உரம் வைக்க எனக்கு 2 மணி நேரம் பிடிக்கும். அப்படியென்றால் மாதம் 8 மணி நேர வேலை. மண்புழு உரம், வேப்ப எண்ணெய், விதை எல்லாம் இதில் அடங்குமா, தனிக்கணக்கா என்று எழுதி வாங்குங்கள். 20 நிமிடம் மருந்து அடித்துவிட்டுப் போகிறவர் என்றால் ஆயிரம் ரூபாய்கூட அதிகம்தான்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். வாட்ச்மேனை ஊற்றச் சொல்லலாமா, டைமர் வைக்கலாமா?

டைமர். வாட்ச்மேன் ஊரில் இல்லாத வாரம் மே மாதத்தில் வந்தால் இரண்டே நாளில் கத்தரி தலை தொங்கிவிடும். பேட்டரி டைமரைக் குழாயில் மாட்டி, பைக்கு ஒரு சொட்டுவான் வைத்தால் போதும். ஆனால் போர் தண்ணீரில் உப்புப் படிந்து சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். அடைத்தது வெளியே தெரியாது, செடி வாடின பிறகுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு வருகையிலும் தண்ணீரைத் திறந்துவிட்டு எல்லாப் பைகளையும் ஒரு சுற்றுப் பார்ப்பதும், ஃபில்டரைக் கழுவுவதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஐப்பசியில் மழை பிடித்ததும் டைமரை நிறுத்துவது யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள். மழையோடு டைமரும் ஓடி வேர் அழுகிப்போன பைகள் நிறைய பார்த்துவிட்டேன்.

இலை மஞ்சளாகிறது. உரம் பத்தவில்லை என்று நான் சொல்கிறேன், தோட்டக்காரர் கேட்கவே மாட்டேன் என்கிறார்.

நீங்கள் சொல்வது பாதி சரி. அடியிலைகள் சீராக மஞ்சளாகி, மண்ணும் பொலபொலவென்று இருந்தால் உரம் வைக்கலாம். கொழுந்து மட்டும் மஞ்சளாகி நரம்புகள் பச்சையாகவே இருந்தால் பெரும்பாலும் அது இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காத கோளாறு. போர் தண்ணீரின் காரத்தன்மையால் வருவது. வெறும் உரத்தால் தீராது.

மடிப்பாக்கத்தில் ஒரு மாடியை நான் எடுத்துக்கொண்டபோது 40 பைகளில் 11 ஏற்கெனவே போய்விட்டிருந்தன. முன்பு பார்த்தவர் மஞ்சளைப் பார்த்து வாராவாரம் உரம் போட்டிருக்கிறார். ஒரு பையைத் தூக்கினேன், கல் மாதிரி கனம். விரலை இரண்டு கணு விட்டால் சேறு. பைகள் தரையோடு ஒட்டி உட்கார்ந்து அடித்துளைகளை அடைத்திருந்தன, மண்ணின் மேல் வெள்ளையாக உப்பு வேறு. ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றி, பக்கவாட்டில் துளை போட்டு, மெட்ரோ தண்ணீர் விட்டு மண்ணை ஒருமுறை நன்றாக அலசி, 3 வாரம் உரத்தையே நிறுத்தினேன். அப்புறம்தான் புதுத் துளிர் வந்தது. ஆகவே உங்கள் தோட்டக்காரர் மறுப்பதற்குக் காரணம் இருக்கலாம், பையைத் தூக்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

எங்கள் மாடியில் ஒப்பந்தம் எல்லாம் இல்லை, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறது என்று சண்டை. என்ன செய்வது?

இது பராமரிப்பைத் தாண்டிய விஷயம், ஆனாலும் சொல்கிறேன். ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள ஒரு பை நனைந்தால் 20 கிலோ அளவுக்கு வரும். பைகளைத் தளத்தின் நடுவிலிருந்து எடுத்துக் கைப்பிடிச் சுவரோரம் ஸ்டாண்டில் வையுங்கள், அடியில் காற்றுப் போய்த் தளம் காய வேண்டும். கசிவு பழைய விரிசலிலா, உங்கள் தண்ணீராலா என்று தளத்தை நேரில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பொது மாடி என்றால் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா?

நானும் இந்த வேலைதான் செய்கிறேன். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை என 3 தடவை. வார வருகைக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் செடி செத்தால் பணம் திருப்பித் தர வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் எழுதச் சொல்கிறார்களே, நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

அளவு சரி. மாலையில், இலையின் அடியிலும் படும்படி அடிக்க வேண்டும், எறும்பையும் விரட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது பூச்சியைத் திரும்பக் காவல்காக்கும். பணம் விஷயத்தில் எனக்கே இன்னும் முடிவில்லை. நான் வைத்த நாற்று ஒரு மாதத்துக்குள் போனால் வேறு நாற்று தருகிறேன். தண்ணீர் அவர்கள் பொறுப்பில் இருக்கும்போது அதற்கு மேல் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?