40 ஆயிரம் பார்வையைக் கடைக்காரரிடம் எப்படிக் காட்டுவது?

"என் ஒடியல் கூழ் வீடியோவுக்கு 40 ஆயிரம் பார்வை. அதைக் காட்டி யாழ்ப்பாணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில், அவர்களுக்கு வீடியோத் தொடர் செய்து தர வாய்ப்புக் கேட்டேன். 'இதால எனக்கென்ன?' என்கிறார் முதலாளி."

அவர் கேட்டது சரிதான் தம்பி. யூடியூப் ஸ்டுடியோவில் Advanced mode போய் Geography பாருங்கள். இலங்கை 15 சதவீதம் என்றால் உள்நாட்டுப் பார்வை 6,000தான். அதை முதலில் சொல்லுங்கள். மிச்சம் கனடா, லண்டன் என்றாலும் மறைக்க வேண்டாம். அதில் பலர் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள். ஆனால் கொடியேறினால் நிறையப் பேர் மரக்கறிதான், அந்த 25 நாளும் நண்டுக் கூழ் எடுபடாது. ஒரு மாதம் முன்பே மரக்கறிச் சாப்பாட்டு வீடியோவைப் போடுங்கள்.

முதலில் மூன்று வீடியோ மட்டும் கேளுங்கள். 'வீடியோ பார்த்து வந்தேன்' என்பவருக்கு ஒரு வடை இலவசம். காசாளர் கொப்பியில் கோடு போடட்டும். மூன்றாவது முடிந்ததும் அந்தக் கொப்பியோடு போய்ப் பணம் பேசுங்கள்.