மெஷின் நின்ற நேரத்திலிருந்து ஓஇஇ: கேள்வி பதில்

அம்பத்தூர்: சிஎன்சி லேத். 480 நிமிஷ ஷிஃப்ட், சாப்பாடு, டீக்கு 30. லாக் புக்கில் நின்றது 63 நிமிஷம்தான். பீஸுக்கு 40 விநாடி, 464 பீஸ், 11 ரிஜெக்ட். ஓஇஇ 67 வருகிறது. கணக்கு தப்பா?

கணக்கு சரி. ஓஇஇ என்பது திட்டமிட்ட நேரத்தில் எத்தனை சதவீதம் நல்ல பீஸ் செய்வதில் போனது என்பதுதான். லாக் புக்தான் பாதி எழுதியிருக்கிறது. 450-ல் 63 போனால் ஓடியது 387, அதாவது 86 சதவீதம். இப்போது லாக் புக்கை மூடிவிட்டு பீஸை எண்ணுங்கள். 464 பீஸுக்கு 309 நிமிஷம் போதும். அப்படியென்றால் மீதி 78 நிமிஷம் எங்கே போனது? எழுதிய 63-ஐ விட எழுதாதது அதிகம்! சிப் சுற்றிக்கொண்டால் இழுத்துவிடுவது, கேஜ் தேடிப் போவது எல்லாம் ஒன்றிரண்டு நிமிஷம் என்பதால் யாரும் எழுதுவதில்லை. ஒரு ஷிஃப்ட் முழுக்க மெஷின் பக்கத்திலேயே நின்று குறித்துப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

விடை சரிதானா என்று பார்க்க வேறு வழியும் உண்டு. நல்ல பீஸ் 453-ஐ 40 விநாடியால் பெருக்கினால் 302 நிமிஷம். அதை 450-ஆல் வகுத்தாலும் அதே 67 வர வேண்டும்.

கிண்டி: எங்களுக்கு பெர்ஃபார்மன்ஸ் 108. ஆபரேட்டர் வேகமானவர் என்று அர்த்தமா?

இல்லை. பீஸுக்குத் தேவையான நேரத்தை மெஷின் ஓடிய நேரத்தால் வகுத்தால் பெர்ஃபார்மன்ஸ், அது 100-ஐத் தாண்டக் கூடாது. ஒன்று, கொட்டேஷனுக்காகத் தாராளமாகப் போட்ட சைக்கிள் டைமை, அதாவது ஒரு பீஸுக்கான நேரத்தை, எடுத்திருப்பீர்கள். அல்லது நின்ற நேரத்தை இரண்டு முறை கழித்திருப்பீர்கள். 10:10 முதல் 10:40 வரை இன்சர்ட் மாற்றம், 10:30 முதல் 10:50 வரை கரண்ட் கட் என்று இரண்டு வரி இருந்தால் கூட்டுத்தொகை 50. மெஷின் நின்றதோ 40.

திருமுடிவாக்கம்: செட்டிங் மாற்றுவது பிளானிலேயே இருக்கிறது. அதையும் டீ நேரம் மாதிரி கழித்துவிடலாமே?

பிளானில் இருப்பது உண்மைதான், ஆனாலும் கழிக்கக் கூடாது. கழித்துவிட்டால் 2 மணி நேரம் எடுத்த செட்டிங்கும் 20 நிமிஷத்தில் முடிந்த செட்டிங்கும் ஒரே ஓஇஇ காட்டும். அப்புறம் செட்டிங் நேரத்தைக் குறைக்க யார் மெனக்கெடுவார்கள்?

ஆவடி: 85 வந்தால் போதுமா?

இன்று மூன்றாவது முறை இதே கேள்வி. ஓஇஇயைக் கொண்டுவந்த ஜப்பானியர் நகாஜிமா சொன்ன 85 உங்கள் இலக்கு அல்ல. போன மாதத்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

திருமுடிவாக்கம்: சரி, கரண்ட் கட்? அது என் தப்பில்லையே.

யார் தப்பு என்று ஓஇஇ கேட்பதில்லை. மெஷின் நின்றது, எழுதுங்கள். தனிக் காரணமாக எழுதுங்கள்.

பெருங்குடி: நான் மூன்று வருஷமாகக் கரண்ட் கட்டை வெளியே எடுத்துத்தான் போடுகிறேன். ஆபரேட்டர் இன்சென்டிவ் அதில்தான் இருக்கிறது, அவர் வயிற்றில் அடிக்க முடியாது.

உங்கள் நியாயம் புரிகிறது. ஆனால் இன்சென்டிவை ஓஇஇயோடு கட்டியதுதான் சிக்கல். நின்றதை எழுதுகிறவரே அவர்தான், எழுதினால் அவருக்கே பணம் குறையும். நல்ல பீஸுக்கு இன்சென்டிவ் கொடுங்கள்.

பெருங்குடி: கரண்ட் இல்லாத நாளில் பீஸும்தானே குறையும்?

குறையும். அந்த நேரத்துக்கு இன்சென்டிவில் ஈடு கட்டுங்கள், ஓஇஇயில் வேண்டாம். வெளியே எடுப்பதுதான் உங்கள் முடிவு என்றால் எல்லா மாதமும் அப்படியே எடுங்கள். நான் உள்ளேதான் வைப்பேன்.