பவர்பிளே கணிப்புத் தாளுக்கு மாதம் 20 பவுண்டா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். ஐபிஎல் சமயத்தில் முதல் ஆறு ஓவர் ரன்களுக்கு மட்டும் பத்துப் பத்துப் பவுண்டாகப் பந்தயம் கட்டுவேன், மாதம் இருபது தடவை இருக்கும். பேட்டிங் வரிசையையும் தொடக்கப் பந்துவீச்சாளர்களையும் வைத்துக் கணித்து டெலிகிராமில் ஒரு தாள் அனுப்புகிறார்கள். சந்தா மாதம் 20 பவுண்டு. வாங்கலாமா? நண்பர் ஒருவர், புக்கியிடம் பந்தயம் கட்ட 'ஐடி' என்ற கணக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். அதில் செஷன் 50–51 என்று வருகிறது. அது லாபமா?

பதில்: வாங்க வேண்டாம். பந்தய நிறுவனம் 51.5 ரன் என்று லைன் போட்டு, அதற்கு மேலே, கீழே எதில் கட்டி ஜெயித்தாலும் போட்ட பணத்தையும் சேர்த்துப் பவுண்டுக்கு 1.87 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்காசு போகாமலிருக்கவே நூற்றுக்கு 53.5 தடவை ஜெயிக்க வேண்டும். நீங்கள் மாதம் கட்டுவது 200 பவுண்டு. அதில் சந்தா மட்டும் பத்து சதவீதம். அதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 59 தடவை ஜெயிக்க வேண்டும்.

இதை ரன்னாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். பவர்பிளே ஸ்கோர் ஆட்டத்துக்கு ஆட்டம் பத்துப் பன்னிரண்டு ரன் சர்வசாதாரணமாக ஏறி இறங்கும். அதனால் லைனுக்கு அருகில் ஒரு ரன்னின் மதிப்பு சுமார் மூன்று சதவீத வாய்ப்புதான். சந்தா கட்டியபின் நீங்கள் தலைதப்ப, அந்தத் தாள் நிறுவனத்தைவிட ஒவ்வொரு தடவையும் மூன்று ரன் அளவுக்குச் சரியாக இருந்தாக வேண்டும்.

இருக்குமா? தாளின் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் ஓடும். பொதுவான சராசரி ஓவருக்கு 8.5, ஆறு ஓவருக்கு 51. முதல் பந்துவீச்சாளர் மூன்று ஓவர் போடுவார், ஓவருக்கு 7. அடுத்தவர் இரண்டு ஓவர், 8.5. ஆறாவது ஓவரை மூன்றாமவர் போடுவார், 10. கூட்டினால் 48, அதாவது மூன்று குறைவு. தொடக்க ஜோடியோ ஓவருக்கு முக்கால் ரன் கூடுதலாக அடிப்பவர்கள், ஆக நாலரை கூடும். முடிவு 52.5, 'மேலே கட்டு'. ஆனால் ஏழெட்டு ஆட்டத்தில் வந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. இரண்டு திருத்தத்தையும் பாதியாக்கிப் பாருங்கள், 51.75 வரும். லைன் 51.5. கையில் ஒன்றுமில்லை.

அப்புறம், டாஸின்போது தருவது ஆடுபவர்களின் பட்டியல் மட்டும்தான். யார் முதலில் இறங்குவார், புதுப்பந்து யாருக்கு என்று எந்தக் கேப்டனும் எழுதித் தர வேண்டியதில்லை. முதல் ஓவரில் இருபது போனால் 'மூன்று ஓவர் போடுவார்' என்ற அனுமானமும் போச்சு. இம்பாக்ட் பிளேயர் விதி வந்தபின் தொடக்க வீரர்களில் ஒருவரே மாற்று ஆட்டக்காரராக வரவும் செய்கிறார்.

இன்னொரு பிழை, பலர் கவனிக்காதது. 2024 ஏப்ரல் 20 அன்று டெல்லியில் சன்ரைசர்ஸ் ஆறு ஓவரில் விக்கெட் இழப்பின்றி 125 அடித்தது நினைவிருக்கும். ஒரு அணியின் ஐந்து ஆட்ட ஸ்கோர் 41, 46, 48, 53, 125 என்று இருந்தால் சராசரி 62.6, நடு எண் 48. பந்தயம் நடு எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது. 125 அடித்தாலும் 52 அடித்தாலும் உங்களுக்கு ஒரே பணம். சராசரியில் ஓடும் தாள் எப்போது பார்த்தாலும் 'மேலே' என்று சொல்வதற்கு இதுதான் காரணம். உங்களுக்கு வந்த மாதிரித் தாள்களை எடுத்து எத்தனை 'மேலே', எத்தனை 'கீழே' என்று எண்ணிப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

பழைய வெற்றிப் பட்டியலைக் காட்டினால், கூடவே ஒன்று கேளுங்கள்: செய்தி அனுப்பிய நேரத்தில் லைன் என்ன, முதல் பந்துக்கு முன் லைன் என்ன? 49.5இல் 'மேலே' சொல்லி, அது 52.5 வரை ஏறியிருந்தால் ஆளுக்கு விஷயம் தெரியும். அப்போதும் நீங்கள் செய்தியைத் திறக்கும்போது 49.5 இருந்ததா என்பதுதான் உங்கள் கணக்கு. பதில் தராமல், பந்தய நிறுவனத்தில் சேர ஒரு இணைப்பை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புகிறார் என்றால், நீங்கள் தோற்கும் பணத்தில் அவருக்குப் பங்கு இருக்கலாம்.

சரி, செஷன், அதாவது ஆறு ஓவர் ரன்னுக்குப் புக்கி சொல்லும் இரண்டு எண்கள். 50–51 என்றால் 'யெஸ்' ஜெயிக்க 51 அல்லது அதற்கு மேல் வேண்டும், 'நாட்' ஜெயிக்க 49 அல்லது அதற்குக் கீழே. சரியாக 50 வந்தால் இரண்டு பக்கமும் தோல்வி, அந்த இடைவெளிதான் புக்கியின் வருமானம். சரிக்குச் சரி பணம் தந்தால், நூறு பவுண்டுக்கு நீங்கள் சராசரியாக இழப்பது மூன்று. 1.87இல் ஆறரை. ஆக, காகிதத்தில் செஷன்தான் மலிவு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆட்டம் சூடானால் 50–52 என்று விரித்துவிடுவார்கள், இடைவெளி இரண்டு ரன்னாகிவிடும். ஜெயித்த பணத்தை நண்பரின் நண்பரிடம்தான் கேட்க வேண்டும். பிரிட்டனில் உரிமம் உள்ளதா என்பதை கேம்ப்ளிங் கமிஷனின் பொதுப் பதிவேட்டில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். 'ஐடி' ஆட்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்துவிட்டது. உங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.