வருமானத்துக்கு வர்க்கம் சேர்க்கலாமா?

"மூன்று மாறிகளோடு மல்டிபிள் ரெக்ரஷன் போட்டிருக்கிறேன். எச்சங்களை வருமானத்துக்கு எதிரே வரைந்தால் நடுவில் மேடு தட்டுகிறது. தீசிஸ் அனாலிசிஸ் செய்துதரும் சென்டரில் வருமானத்தின் வர்க்கத்தையும் சேர்த்துவிட்டார்கள். பி-வேல்யூவும் நன்றாக வந்திருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?" – ஆய்வு மாணவி, மதுரை

இப்போதைக்கு விடாதீர்கள். அந்த மேட்டை வைத்து வர்க்கம் சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வருமானம் ஏற ஏற விளைவு உச்சத்துக்குப் போய் இறங்கினாலும் மேடு வரும். இறங்காமல், ஏறும் வேகம் மட்டும் தளர்ந்தாலும் அதே மேடுதான் வரும். எச்சம் என்பது நேர்கோட்டைக் கழித்த பிறகு மிஞ்சுவது, அதனால் இந்த இரண்டையும் அது பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுவது பகுதி எச்சப் படம். செய்ய வேண்டியது ஒரே ஒரு கூட்டல்: வருமானத்தின் கெழுவை வருமானத்தால் பெருக்கி, அதோடு எச்சத்தைக் கூட்டி, வருமானத்துக்கு எதிரே வரையுங்கள். கழித்த கோட்டைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். மற்ற மாறிகளின் பங்கு கழிந்தபடியே இருக்கும்.

ஆர் மென்பொருளின் கார் பேக்கேஜோடு வரும் கனடாத் தரவில் பார்ப்போம். 1971 சென்சஸ் காலத்து 102 தொழில்கள். ஒவ்வொன்றின் சமூக மதிப்பை அதன் கல்வி, வருமானம், பெண்கள் சதவீதம் ஆகியவற்றால் விளக்குகிறோம்.

```r
library(car)
m <- lm(prestige ~ education + income + women,
        data = Prestige)
crPlots(m, ~ income)
```

வருமானத்தின் கெழு டாலருக்கு 0.0013. மூன்று தொழில்களை எடுப்போம். குழந்தை பார்த்துக்கொள்பவர்: வருமானம் 611, எச்சம் −6.9. அரசு நிர்வாகி: 12,351, எச்சம் +4.6. பொது மேலாளர்: 25,879, எச்சம் −9.4. கீழே, மேலே, கீழே. உங்கள் மேடு இதுதான்.

இப்போது கோட்டின் பங்கைக் கூட்டினால் முறையே −6.1, 20.8, 24.6. எங்கும் இறங்கவில்லை. முதல் பாதியில் கிடுகிடுவென்று ஏறி, பிறகு மெதுவாக ஏறுகிறது. வர்க்கம் போட்டால் அந்த வளைவு எங்கேயாவது திரும்பியே ஆக வேண்டும். இங்கே கேட்பது லாக். log2(income) போட்டால், வருமானம் இருமடங்காகும்போது மதிப்பு சுமார் 9 புள்ளி கூடுகிறது என்று எளிதாகச் சொல்லலாம். மேலாளரின் எச்சம் −2.4 ஆகச் சுருங்குகிறது. குழந்தை பார்த்துக்கொள்பவரோ மறுபக்கம் +10.8க்குப் போய்விடுகிறார். அதனால்தான் ஓரிரு புள்ளிகளை வைத்து முடிவு செய்யாமல், படத்தில் வரும் வழவழப்பான கோட்டைப் பார்க்கச் சொல்கிறேன். நேர்கோடு விட்டுவிட்டு வரைந்த கோடாக இருக்கும். வழவழப்பான கோடு அதைவிட்டு எங்கே விலகுகிறது என்று பாருங்கள். செங்குத்து அச்சின் எண்கள் என் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் குழம்ப வேண்டாம். மென்பொருள் மையப்படுத்தி வரைகிறது, வடிவம் மாறாது.

சென்டர்காரர்களிடம் படம் கேட்டால் எஸ்பிஎஸ்எஸ்-இல் "Produce all partial plots" என்பதை டிக் செய்து நீட்டுவார்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வேறு படம். அதில் கீழ் அச்சில் இருப்பது வருமானமே அல்ல, மற்ற மாறிகளைக் கழித்த பிறகு மிஞ்சிய வருமானம். கெழுவை இழுக்கும் தொழில் எது என்று பார்க்க அது உதவும், வளைவின் வடிவம் அறிய உதவாது. கீழ் அச்சில் 611 முதல் 25,879 வரை டாலர் ஓடுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். என்னிடம் வந்த ஒரு ஆய்வேட்டில் இந்தப் படத்தையே நேர்கோட்டுக்குச் சாட்சியாக ஒட்டியிருந்தார்கள். மூன்று பேர் பார்த்துக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். நட்சத்திரம் போட்ட டேபிளை மட்டும் கேட்டால் இப்படித்தான் நடக்கும்.

பகுதி எச்சப் படமும் ஒரு இடத்தில் ஏமாற்றும். கல்வியே வருமானத்தோடு வளைவாகப் போனால், வருமானத்தின் வளைவில் ஒரு பகுதியைக் கல்வியின் கெழு விழுங்கிக்கொள்ளும். அப்போது வருமானப் படம் உண்மையைவிட நேராகவோ, தப்பான வளைவாகவோ வரும். வளைந்திருப்பது வருமானம், பழி கல்வியின் மேல். ஆகவே முதலில் கல்வியை வருமானத்துக்கு எதிரே, பிறகு பெண்கள் சதவீதத்தை வருமானத்துக்கு எதிரே வரையுங்கள். ஓரளவு நேராக இருந்தால் கவலை இல்லை. கண்ணுக்குத் தெரியும்படி வளைந்தால் அதே மாடலுக்கு ceresPlots(m, ~ income) என்று கொடுங்கள். டென்னிஸ் குக் 1993-இல் இந்தச் சிக்கலுக்காகவே கொடுத்த முறை அது. இரண்டு படமும் ஒரே வடிவம் காட்டினால் லாக் போட்டு மாடலைத் திரும்ப ஓட்டுங்கள், பிறகு கல்விக்கும் இதே படத்தை எடுங்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றதன் கெழுவும் நகரும். இங்கே கல்வியின் கெழு 4.19-இலிருந்து 3.73-க்கு வருகிறது.