கம்பெனி கலைக்கப்படும்போது சம்பள பாக்கி எந்தப் படியில் நிற்கும்?

கேள்வி: நான் வேலை பார்த்த கம்பெனியை லிக்விடேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. பேங்க் தன் கடனை முழுசாக எடுத்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு ஏதாவது மிஞ்சும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. அந்தக் கம்பெனியில் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள், பாக்கி எந்த மாதங்களுக்கானது, இந்த இரண்டும் தெரிந்தால்தான் மீதிப் பாதியைச் சொல்ல முடியும்.

எனக்கும் இதே ஐந்து மாதம்தான் நின்றுபோனது. கணக்குப் பிரிவில் மேலாளராக இருந்தேன். திவால் நடைமுறை தொடங்கிய பிறகும் என்னை வேலையில் வைத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வந்த மனுக்களைப் பழைய பதிவேடுகளோடு ஒத்துப்பார்ப்பது என் வேலை. அதனால் பணம் பங்கு போட்டதைப் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவில் இந்த வரிசை இருக்கிறது. அந்தப் பிரிவின்படி எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில், வரிசைக்குள்ளேயே வராத பணம் ஒன்று உண்டு. பி.எஃப்., ஓய்வூதிய நிதி, கிராச்சுட்டி நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளிக்கும் ஊழியருக்கும் வரவேண்டிய தொகை கம்பெனியின் சொத்தாகவே கருதப்படாது. 36ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆகவே பேங்க் உட்பட யாரும் அதில் பங்கு கேட்க முடியாது. உங்கள் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், அதைச் சம்பள பாக்கியோடு ஒரே தொகையாகச் சேர்த்து எழுதாதீர்கள், தனியாகக் கேளுங்கள். கிராச்சுட்டியில் மட்டும் ஒரு சிக்கல். கம்பெனி அதற்கென்று தனி நிதியே வைக்கவில்லை என்றால், இல்லாத நிதியை எங்கிருந்து ஒதுக்குவது என்று வாதாடுவார்கள்.

வரிசையின் முதல் படியில் நடைமுறைச் செலவுகள். காவலாளி சம்பளம், மின்கட்டணம், மதிப்பீட்டாளர் கூலி, ஏல விளம்பரம், வழக்குச் செலவு எல்லாம் இதில் அடங்கும், இதற்கு முழுத்தொகையும் கொடுத்தாக வேண்டும். கம்பெனி லிக்விடேஷனுக்குப் போவதற்கு முன், அதைக் காப்பாற்றப் பார்க்கும் ஒரு கட்டம் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் கம்பெனி ஓடி, நீங்களும் உண்மையிலேயே வேலை செய்திருந்தால், அந்தச் சம்பளமும் இந்த முதல் படியில்தான் சேரும். ஏபிஜி ஷிப்யார்டு தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் இதைத் தெளிவாக்கியது. கம்பெனி மூடிக் கிடக்க, பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்த மாதங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. எனக்கு அந்தக் கட்டத்தில் மாதாமாதம் சம்பளம் வந்தது. அதற்கு முந்தைய பாக்கிதான் தொங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் கேள்விக்கான விடை இரண்டாம் படியில் இருக்கிறது. ஈடு வாங்கிக் கடன் கொடுத்த பேங்க், அந்த ஈட்டைத் தானே விற்காமல் பொதுச் சொத்தோடு சேர்த்து விற்கட்டும் என்று விட்டுக்கொடுத்தால் இந்தப் படிக்கு வரும். அதே படியில், பேங்குக்குச் சரிசமமாக, தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும் நிற்கும். பேங்க் முன்னால், தொழிலாளி பின்னால் என்பதே இங்கே இல்லை. பணம் போதாவிட்டால் இரண்டு பேருக்கும் ரூபாய்க்கு ஒரே அளவு வெட்டு விழும்.

எங்கள் கணக்கைச் சில்லறை தள்ளிச் சொல்கிறேன். எல்லாவற்றையும் விற்றதில் 10 கோடி வந்தது. செலவுகளுக்கு 1 கோடி போக மீதி 9 கோடி. ஈட்டை விட்டுக்கொடுத்த பேங்குக்கு வரவேண்டியது 26 கோடி, தொழிலாளர்களின் 24 மாத பாக்கி 4 கோடி, ஆக மொத்தம் 30 கோடி. 30 கோடிக்கு 9 கோடிதான் இருக்கிறது என்றால் ரூபாய்க்கு 30 பைசா. பேங்க் 7 கோடியே 80 லட்சம் வாங்கியது. தொழிலாளர்களுக்கு 1 கோடியே 20 லட்சம் கிடைத்தது. 2 லட்சம் பாக்கி இருந்த லேத் ஆபரேட்டர் கையில் 60,000 ரூபாய். அவருக்கு வயிறு எரிந்ததில் தப்பில்லை. ஆனால் பேங்குக்கும் அதே 30 பைசாதான்.

பணம் அத்தோடு தீர்ந்துவிட்டது. மூன்றாம் படி தொழிலாளி என்ற வரையறைக்குள் வராத ஊழியர்களுக்கானது. எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு மொத்தம் 80 லட்சம் வரவேண்டியிருந்தது. ஒரு பைசா வரவில்லை.

அதனால்தான் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். தொழிலாளி என்றால் ஆலைக்குள் நிற்பவர் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் எழுத்தர் வேலையும் தொழில்நுட்ப வேலையும் செய்பவர்கள்கூடத் தொழிலாளிகள்தான். நிர்வாகம் செய்பவர்களும், குறிப்பிட்ட சம்பள வரம்புக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும்தான் வெளியே. விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருந்தது என்பதைவிட, நாள் முழுக்க நீங்கள் செய்தது என்ன என்பதற்குத்தான் எடை. எங்கள் ஆலையில் ஒருவருக்குப் பதவிப் பெயர் 'ஷிஃப்ட் இன்சார்ஜ்'. பெயரைப் பார்த்து அவரை ஊழியர் பட்டியலில் போட்டார்கள். அவருக்கு லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை, யாரையும் கேள்வி கேட்டு மெமோ கொடுக்கும் அதிகாரமும் இல்லை. எட்டு மணி நேரமும் மற்றவர்களோடு சேர்ந்து மெஷின் ஓட்டினார். உற்பத்திப் பதிவேட்டில் தினமும் ஆபரேட்டர் இடத்தில் அவர் கையெழுத்து இருந்தது. அந்தப் பக்கங்களைக் காட்டிய பிறகு பட்டியல் மாறியது. பூஜ்யம் வாங்கவேண்டியவர் ரூபாய்க்கு 30 பைசா வாங்கினார். கம்பெனிச் சொத்தை விற்றுப் பங்கு போடும் லிக்விடேட்டரின் முடிவு பிடிக்கவில்லை என்றால், அது வந்த 14 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும் என்பது எங்கள் காலத்து விதி. அவர் அதுவரை போகாமலே லிக்விடேட்டரிடம் பேசியே முடித்தார். (என் வேலை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிர்வாக வேலை. காசோலையில் கையெழுத்துப் போடுகிறவன் நான் தொழிலாளி என்று சொன்னால் யார் நம்புவார்கள்?)

அடுத்தது, எந்த மாதங்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். தொழிலாளிக்கு 24 மாதம், மற்ற ஊழியருக்கு 12 மாதம் என்று சட்டம் சொல்வது லிக்விடேஷன் தொடங்கிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டிய மாதங்கள். நீங்கள் வேலையை விட்ட தேதியோ சம்பளம் நின்ற தேதியோ கணக்கில்லை. எங்களுக்கு 2022 ஜனவரி முதல் மே வரை சம்பளம் வரவில்லை. ஜூனில் திவால் மனு ஏற்கப்பட்டது. காப்பாற்ற ஆள் தேடியே ஒன்றரை வருஷம் போய், 2023 நவம்பரில்தான் லிக்விடேஷன் உத்தரவு வந்தது. அதிலிருந்து 24 மாதம் பின்னால் போனால் 2021 நவம்பர். ஆகவே தொழிலாளர்களின் ஐந்து மாதமும் உள்ளே. 12 மாதம் பின்னால் போனால் 2022 நவம்பர். என் ஐந்து மாதத்தில் ஒன்றுகூட அந்தக் கட்டத்துக்குள் இல்லை! பாக்கி செத்துப்போகாது, ஆனால் மூன்றாம் படியிலிருந்து கீழே இறங்கி, 'மீதமுள்ள கடன்கள்' என்ற படியில் போய் விழும். எங்கள் விஷயத்தில் மூன்றாம் படிக்கே பணம் வராததால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். கொஞ்சம் சொத்துள்ள கம்பெனி என்றால் இந்த வித்தியாசம் முழுச் சம்பளத்துக்கும் பூஜ்யத்துக்கும் இடைப்பட்டது.

சரி, பேங்க் ஈட்டை விட்டுக்கொடுக்காமல் தானே விற்றுக்கொள்கிறேன் என்று போனால்? போகலாம், அந்த உரிமை அதற்கு உண்டு. அப்போதும் தொழிலாளியை விட்டுவிட்டு ஓட முடியாது. விட்டுக்கொடுத்திருந்தால் நடைமுறைச் செலவுக்கும் தொழிலாளர் பாக்கிக்கும் எவ்வளவு பங்கு கொடுத்திருக்குமோ அதை லிக்விடேட்டரிடம் கட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. ஊழியர் பாக்கிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதையும் கவனியுங்கள். தனியாக விற்றும் கடன் தீரவில்லை என்றால், மீதிக்கு அந்த பேங்க் ஐந்தாம் படியில், அரசுக்கு வரவேண்டிய இரண்டு வருட வரி பாக்கியோடு சேர்ந்து நிற்கவேண்டும். எங்கள் பேங்க் எல்லாவற்றையும் யோசித்து விட்டுக்கொடுத்துவிட்டது.

எங்கள் கதையில் கீழ்ப்படிகளுக்கு வேலையே இருக்கவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்காம் படியில் ஈடில்லாமல் பணம் கடன் கொடுத்தவர்கள். ஐந்தில் அரசும், மேலே சொன்ன மாதிரி குறை விழுந்த பேங்கும். ஆறில்தான் சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சப்ளையர்கள், அந்தப் படியில்தான் என் ஐந்து மாதமும். வட்டிக்குப் பணம் கொடுத்தவர் நான்காவதிலும், இரும்பைக் கடனுக்கு இறக்கியவர் ஆறாவதிலும் நிற்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அப்புறம் முன்னுரிமைப் பங்குதாரர்கள், எல்லோருக்கும் கடைசியில் சாதாரணப் பங்குதாரர்கள். கடன்காரர் ஒருவருக்கு ஒரு ரூபாய் பாக்கி இருந்தாலும் பங்குதாரருக்கு எதுவும் போகாது. கடனே இல்லாமலோ, இருக்கும் கடனை முழுசாக அடைத்துவிட்டோ தானாக மூடும் கம்பெனியில்தான் பெரும்பாலும் அவர்கள் கையில் பணம் பார்ப்பார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். லிக்விடேஷன் உத்தரவின் தேதியை எடுத்து, ஐந்து மாதமும் எந்தக் கட்டத்துக்குள் விழுகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மனுவில் பாக்கியை மாதவாரியாகப் பிரித்து எழுதுங்கள். மொத்தமாக ஒரு தொகை எழுதினால் எந்த மாதம் எந்தப் படி என்று அவர்களாகப் பிரித்துவிடுவார்கள், அது எப்போதும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, கடைசியாகச் சம்பளம் வந்த மாதமும் வராத மாதங்களும் தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் வையுங்கள். செய்த வேலை தொழிலாளி வேலை என்றால் அதற்கான பதிவேட்டின் நகல் ஒன்றும் இருக்கட்டும். பொது அறிவிப்பில் கடைசித் தேதி போட்டிருக்கும். எங்கள் அறிவிப்பில் 30 நாள் கொடுத்திருந்தார்கள், முக்கால்வாசி மனுக்கள் கடைசி மூன்று நாளில்தான் வந்தன. அவற்றில் பாதியில் சம்பளச் சீட்டே இல்லை.